ஆழ்கூளத்தில் கோழி வளர்ப்பு: நெடி வந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

காலையில் கோழிக் கொட்டகையின் கதவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடியை, கோழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. உமி, மரச்சீவல் போன்ற பொருளைத் தரையில் தடிமனாக விரித்து, அதன் மேலேயே கோழி வளர்ப்பதுதான் ஆழ்கூளம். அது ஒழுங்காக நடந்தால் லேசான மண் வாசம்தான் வரும். நெடி அடிக்கிறதென்றால் கூளத்துக்குள் எங்கோ தண்ணீர் தங்கிவிட்டது என்று பொருள். எச்சம் சேர்ந்துபோனதுதான் காரணம் என்று நினைத்துக் கூளத்தை மொத்தமாக அள்ளிப் புதிதாகக் கொட்டுகிறவர்கள், பத்து நாளில் அதே நெடியை மறுபடி முகர்வார்கள். தண்ணீர் வந்த வழியை அவர்கள் அடைக்கவே இல்லை.

பண்ணையில் பேச்சுவழக்கில் இந்த விரிப்பை லிட்டர் என்பார்கள். தண்ணீர் அளக்கும் லிட்டரோடு குழம்பும் என்பதால் இங்கே கூளம் என்றே எழுதுகிறேன். உதாரணத்துக்கு 20 அடிக்கு 12 அடி கொட்டகையில் 100 முட்டைக்கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 சதுர அடி, ஒரு கோழிக்கு 2.4 சதுர அடி. முட்டைக்கோழிக்கு ஆழ்கூளத்தில் இரண்டிலிருந்து இரண்டரை சதுர அடி வரை விடுவது வழக்கம் என்பதால் இது சரியான அளவுதான். இதற்குள் இன்னொரு 40 கோழியை அடைத்துவிட்டால், கீழே சொல்லும் எதுவும் பெரிதாக உதவாது.

கூளம் செய்யும் இரண்டு வேலைகள்

எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். கூளம் முதலில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. உறிஞ்சுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். திருப்பிக் கொடுப்பதை யாரும் கவனிப்பதில்லை. உறிஞ்ச மட்டும் தெரிந்து விடத் தெரியாத பொருள் கூளத்துக்கு ஆகாது.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. கோழி சிறுநீர் என்று தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர். பெரும்பாலும் யூரிக் அமிலம். ஈரமும் சூடும் கிடைத்தால் கூளத்திலுள்ள பாக்டீரியா அதை உடைத்து அமோனியா ஆக்கும். காற்றோட்டமுள்ள, பொலபொலப்பான கூளமென்றால் அந்த நைட்ரஜனின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்ளும். உமியிலும் மரச்சீவலிலும் உள்ள கரிமப்பொருள்தான் அவற்றுக்கு இரை. எருக்குழியில் நடக்கும் அதே மக்கல்தான் கோழியின் காலடியில் மெதுவாக நடக்கிறது. கூளம் நனைந்து இறுகி காற்று புகாமல் போனால் இந்த வேலை நின்றுவிடும். அமோனியா மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எந்தப் பொருள், எவ்வளவு உயரம்

நெல் உமி, மரச்சீவல், உடைத்த கடலைத் தோல், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் என்று எது எளிதில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். என் விருப்பம் மரச்சீவல், அதற்கு அடுத்து உமி. உமி குறைவாக உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் காயும், கட்டி தட்டாது. வைக்கோலைத் தனியாகப் போட்டால் பாய் மாதிரிப் படிந்துவிடும். வேறொன்றோடு கலந்தே போடுங்கள். மரத்தூள் மிக நைசாக இருந்தால் தூசி பறக்கும், குஞ்சுகள் கொத்தி விழுங்கும். கடலைத் தோலைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாசம் சிறிது வந்தாலும் வேண்டாம். அந்தப் பூசணம் கோழியின் நுரையீரலில் போய் உட்காரும்.

முட்டைக்கோழிக்குத் தொடக்க உயரம் 4 அங்குலம். நமது 240 சதுர அடிக்கு இது 80 கன அடி. உமி என்றால் ஏறக்குறைய 225 முதல் 270 கிலோ. கறிக்கோழி ஆறேழு வாரத்தில் போய்விடும் என்பதால் 2 முதல் 3 அங்குலத்தில் தொடங்குகிறவர்கள் உண்டு. ஆனால் முட்டைக்கோழி ஒரு வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கப்போகிறது. பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை, மேல்பரப்பு நிறம் கறுத்து எச்சம் தனியாகத் தெரியத் தொடங்கும்போது, ஓர் அங்குலம் காய்ந்த பொருளைத் தூவிச் சேருங்கள். ஆறு மாதத்தில் 8 முதல் 12 அங்குலம் வரை ஏறிவிடும். ஆழ்கூளம் என்ற பெயருக்கு அப்போதுதான் பொருத்தம் வரும். அதுவரை அது வெறும் விரிப்புதான்.

தொடங்கும் காலமும் முக்கியம். கூளத்தில் நுண்ணுயிர்கள் நிலைபெற இரண்டு மாதமாவது ஆகும். மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பாக, வறண்ட நாட்களில் விரித்துவிட்டால் மழை வரும்போது கூளம் தன் வேலையைத் தானே செய்யும் நிலைக்கு வந்திருக்கும். மழை தொடங்கிய பிறகு ஈர உமியை வாங்கிக் கொட்டித் தொடங்கினால் முதல் மாதமே தலைவலி.

தரை வெளி நிலத்தைவிட ஓரடி உயரமாக இருக்கட்டும். கொட்டகையில் இதை மட்டும் பிறகு சரிசெய்ய முடியாது.

ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் கீழே விழுகிறது

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் ஆழ்கூளத்தைப் பற்றிய பார்வையே மாறும். 100 முட்டைக்கோழிகள் நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ எச்சம் போடும். அதில் 9 கிலோ தண்ணீர், 3 கிலோ காய்ந்த பொருள். தண்ணீர் 9 கிலோ என்றால் 9 லிட்டர். தினமும் ஒரு சின்ன வாளித் தண்ணீரைக் கூளத்தில் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் இருப்பது 250 கிலோ உமி. விரிக்கும்போதே அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்றால் 25 கிலோ தண்ணீர், 225 கிலோ காய்ந்த பொருள். கொட்டகையை இறுக்கி மூடி, ஒரு சொட்டும் ஆவியாகாதபடி செய்துவிட்டோம் என்று வைப்போம். ஆறாம் நாள் மாலையில் கூளத்தில் 79 கிலோ தண்ணீரும் 243 கிலோ காய்ந்த பொருளும் இருக்கும். ஈரம் ஏறக்குறைய 25 சதவீதம். பத்தாம் நாள் 31 சதவீதத்தைத் தொட்டிருக்கும். நல்ல கூளத்தின் ஈரம் 20 முதல் 25 சதவீதம். 30ஐத் தாண்டினால் கட்டி தட்டவும் நெடி அடிக்கவும் தொடங்கும். ஆக, காற்று வேலை செய்யாவிட்டால் நான்கு அங்குலக் கூளம் பத்து நாள்தான் தாங்கும்.

எட்டு அங்குலம் போட்டால்? இருபது நாள் தாங்கும். அவ்வளவுதான். உயரம் நமக்கு நாள் வாங்கித் தருகிறது, தண்ணீரை வெளியேற்றுவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கூளம் ஈரமானால் மேலே இன்னும் கொஞ்சம் கொட்டிவிட்டுக் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறதென்று திருப்திப்படுகிறார்கள்.

இதோடு ஒழுகும் நிப்பிளையும் சேருங்கள். கோழி கொத்தினால் தண்ணீர் விடும் குழாய் முனைதான் நிப்பிள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் மணிக்கு 180 மில்லி, நாளுக்கு 4 லிட்டருக்கு மேல். 100 கோழிகளின் எச்சத்தில் வரும் தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதி, ஒரே ஒரு நிப்பிளிலிருந்து, ஒரே இடத்தில்.

கையால் பார்க்கும் சோதனை

வாரம் இரண்டு முறை இதைச் செய்யுங்கள். கொட்டகையில் நான்கைந்து இடங்களிலிருந்து, மேல்பரப்பை ஒதுக்கிவிட்டு இரண்டங்குல ஆழத்தில் ஒவ்வொரு பிடி கூளம் எடுங்கள். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து, விரலைத் திறங்கள். லேசாக உருண்டை சேர்ந்து, கட்டை விரலால் தொட்டதும் உதிர்ந்தால் ஈரம் சரி. உருண்டை அப்படியே நின்றால் ஈரம் கூடிவிட்டது. பிழிந்தபோது உள்ளங்கை நனைந்தால் நாள் கடத்தாமல் அன்றைக்கே இறங்க வேண்டும். உருண்டை சேராமல் விரலிடுக்கில் ஓடிப்போனால் 20 சதவீதத்துக்கும் கீழே, அதாவது தூசி கிளம்பும் நிலை.

இந்தக் கைக்கணக்கை நம்பாதவர்கள் ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிடலாம். எடுத்த கூளத்தைக் கலந்து, அதில் 100 கிராமைப் பழைய தகரத் தட்டில் பரப்பி, மிதமான சூட்டில் அடுப்பின் மேல் கருகாமல் காயவையுங்கள். அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். இனி எடை குறையவில்லை என்றதும் நிறுத்திவிடலாம். குறைந்த கிராமே ஈரத்தின் சதவீதம். 73 கிராம் மிஞ்சினால் ஈரம் 27. இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். ஏன் என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நெடியைச் சோதிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாம் நின்றபடி முகர்கிறோம், கோழி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூச்சு விடுகிறது. அமோனியா கிளம்பும் இடமே தரைதான் என்பதால் அங்கே அது அடர்த்தியாக இருக்கும். விடியற்காலையில், திரையைத் திறப்பதற்கு முன், உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் கண் உறுத்தினால் அளவு மீறிவிட்டது. பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் அமோனியா போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டுக் கறிக்கோழி விதி, நெருக்கமாக வளர்க்கும் பண்ணைகளுக்கு 20 பங்கை எல்லையாக வைக்கிறது. அதையும் கோழியின் தலை உயரத்தில் அளக்கச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: தினமும் உள்ளே போய் வருகிறவரின் மூக்கு பழகிவிடும். எப்போதாவது வருகிற விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் மூக்கைப் பொத்தினால் அது நாகரிகக் குறைவல்ல, நல்ல தகவல்.

இன்னொரு சாட்சி கோழியின் பாதம். பத்துக் கோழிகளைப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் நன்று. நடுவில் பழுப்பு அல்லது கறுப்புப் பொருக்கு தெரிந்தால், அந்தக் கோழி பல நாட்களாக ஈரத்தில் நின்றிருக்கிறது. இன்றைக்குக் கூளம் காய்ந்திருக்கிறதே என்று வாதாட அது இடம் கொடுக்காது.

ஈரம் எங்கே இருக்கிறதோ, காரணமும் அங்கேதான்

கூளம் ஈரமாகிவிட்டது என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் என்று பாருங்கள்.

தண்ணீர்க் குழாயின் கீழே மட்டும் வட்டமாகவோ நீளப் பட்டையாகவோ ஈரம் இருந்தால் உயரமோ அழுத்தமோ தவறு. மணி வடிவத் தண்ணீர்த் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் நிற்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கோழி தலையைச் சாய்த்து அள்ளிக் குடித்துச் சிந்தும். நிப்பிளாக இருந்தால் கோழி கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக் குடிக்க வேண்டும், தண்ணீர் நேராகத் தொண்டைக்குள் விழும். கோழி வளர வளர இந்த உயரத்தை வாராவாரம் ஏற்ற வேண்டும். குஞ்சுக்கு வைத்த உயரத்திலேயே இரண்டு மாதம் விட்டுவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே பரவலான தவறு.

சுவரோரமாக ஈரம் என்றால் சாரல். கூரையின் இறக்கம் போதவில்லை, அல்லது ஓரிடத்தில் ஓட்டை. கம்புகளில் கோழிகள் உறங்கும் இடத்துக்குக் கீழே ஈரம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரவில் விழும் எச்சம் முழுக்க அங்கே குவிகிறது. அந்த இடத்தை மட்டும் அடிக்கடி பரப்பிவிட்டால் போதும்.

மேலே காய்ந்தும், கையை விட்டு அடிவரை தோண்டினால் தரையை ஒட்டிச் சேறாகவும் இருந்தால் தரை வழியாக நீர் ஊறுகிறது. கூளத்தைக் கிளறுவதால் இது தீராது. கொட்டகையைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

கொட்டகை முழுவதும் ஒரே சீராக, மேல்பரப்பு பசபசவென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் காற்று. மழை பெய்கிறது, குளிர்கிறது என்று நான்கு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடுகிறோம். கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் கூரையில் பட்டுக் கூளத்திலேயே விழுகிறது. திரையைக் கீழ்ப்பக்கம் கட்டி, மேலிருந்து இறக்கும்படி அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கோழியின் மேல் காற்றும் சாரலும் நேராக அடிக்காது. மேலே ஓரடி இடைவெளி வழியாகச் சூடான ஈரக்காற்று வெளியேறிவிடும். மேலிருந்து கீழே விரியும் திரை இதற்கு நேர் எதிரானது. கீழே இடைவெளி விட்டால் கோழி நடுங்கும், விடாவிட்டால் ஆவி அடைபடும்.

காற்று நன்றாக இருந்தும் எல்லா இடமும் ஈரமென்றால் கோழியைப் பாருங்கள். தீவனத்தில் உப்பு கூடினால் அதிகம் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும். கழிச்சல் நோயாகவும் இருக்கலாம். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நுண்ணிய முட்டைகள் எச்சத்தோடு விழுந்தவுடன் தொற்றாது. சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அதன் பிறகே தொற்றும் நிலைக்கு வரும். காய்ந்த கூளத்தில் அவற்றில் பல முதிராமலே போகும்.

கிளறுவது

கிளறுவதன் நோக்கம் எச்சத்தை மறைப்பதல்ல. கீழே இருக்கும் ஈரமான பகுதியை மேலே கொண்டுவந்து காற்றில் காட்டுவதும், உள்ளே காற்றை விடுவதும்தான். வறண்ட நாட்களில் வாரம் இரண்டு முறை போதும், மழை நாட்களில் தினமும். பல் வைத்த ரேக்கோ முட்கரண்டியோ வைத்து மேல் மூன்று நான்கு அங்குலத்தைப் புரட்டுங்கள். ஆறு மாதம் தாண்டிய கூளத்தில் அடிமட்டம் பழுப்பு மண் மாதிரி மக்கிக் கிடக்கும். அதை மேலே இழுக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றி நான் கறாராக இருப்பேன். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிவாக்கில், எல்லாத் திரைகளையும் திறந்துவிட்டுத்தான் கிளற வேண்டும். கிளறும்போது உள்ளே அடைபட்டிருந்த அமோனியா ஒரேயடியாக வெளிவரும். மாலையில் கிளறித் திரையை மூடினால் கோழி இரவு முழுக்க அதையே சுவாசிக்கும். ஒரு நாளில் பாதிக் கொட்டகை போதும். கோழிகள் மறுபாதிக்கு ஒதுங்கிக்கொள்ளும்.

அடைபோல இறுகிய கட்டிகளை உடைத்து உள்ளே கலக்கக்கூடாது. தூக்கி வெளியே போடுங்கள். பாதிப்பேர் இங்கேதான் சோம்பேறித்தனம் காட்டுவார்கள். ஒரு கூடைக் கட்டியை உடைத்துப் பரப்பினால் அதிலுள்ள தண்ணீர் நல்ல கூளத்துக்குப் போகிறது, அவ்வளவே. எடுத்த இடத்தில் காய்ந்த பொருளைப் போட்டு நிரப்புங்கள்.

வேலையில் பாதியைக் கோழியிடமே விட்டுவிடலாம். மாலையில் நாலைந்து கைப்பிடி தானியத்தைக் கட்டி தட்டும் இடங்களாகப் பார்த்துத் தூவினால், முட்டைக்கோழிகள் அங்கே சீய்த்துப் பொலபொலப்பாக்கிவிடும். கறிக்கோழியிடம் இந்த வேலை நடக்காது. அது கனத்துப்போய் உட்கார்ந்தே இருக்கும். குஞ்சுகள் இருக்கும் முதல் வாரம் கிளறவே வேண்டாம், தூசிதான் மிஞ்சும்.

ஒரு மழை வாரமும் என் சுண்ணாம்பும்

எனக்கு இது புரிந்தது அடி வாங்கித்தான். இதே அளவுக் கொட்டகை, கூளம் போட்டு ஐந்து வாரம். ஐந்து நாள் விடாத மழை. சாரல் பயத்தில் நான்கு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் உள்ளே போனதும் கண்ணில் நீர் வந்தது. கோழிகள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையைச் சிறகில் தேய்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாயின் கீழே கூளம் தோசைக்கல் அகலத்துக்குக் கறுத்து, மிதித்தால் வழுக்கியது.

சுண்ணாம்பு போட்டால் நெடி போகும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, ஒரு மூட்டை நீற்றுச் சுண்ணாம்பைத் தூவிக் கிளறிவிட்டேன். அரை மணி நேரத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அமோனியா தண்ணீரில் கரைந்து உப்பாக அடங்கிக் கிடப்பதும், வாயுவாகப் பறப்பதும் கூளத்தின் அமில-கார நிலையைப் பொறுத்தது. அதைக் காட்டும் pH அளவு 7க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட எல்லாம் அடங்கியே இருக்கும். 8ஐத் தாண்டினால் பறக்கத் தொடங்கும். சுண்ணாம்பு கடும் காரம். அடங்கியிருந்த அமோனியாவை நானே விரட்டிக் காற்றில் ஏற்றினேன். சுண்ணாம்புக்கு இடம் உண்டு, அது கூளத்தை அள்ளிய பிறகு காலித் தரையில். கோழி நிற்கும் ஈரக் கூளத்தில் அல்ல.

அன்றைக்குச் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் காற்று: மழை அடிக்காத பக்கத்துத் தார்ப்பாயை முழுதாக அவிழ்த்தேன், மறுபக்கம் மேலே ஓரடி விட்டேன். நெடி ஒரு மணி நேரத்தில் தணிந்தது. அடுத்து ஒழுகிய இரண்டு நிப்பிள்களை மாற்றி, குழாயை ஒரு சாண் உயர்த்தினேன். அதன் பிறகுதான் மண்வெட்டி. குழாயை ஒட்டிய 30 சதுர அடிக் கூளத்தை, கட்டிகளோடு அடிவரை வழித்து எடுத்தேன், ஆறு சாக்கு வந்தது. அந்த இடத்தில் நான்கு அங்குலம் காய்ந்த உமி போட்டேன். மற்ற இடங்களில் ஓர் அங்குலம் தூவி, மறுநாளிலிருந்து தினமும் பாதிப் பாதியாகக் கிளறினேன். மூன்றாம் நாள் கையில் பிடித்த உருண்டை தயங்கித் தயங்கி உடைந்தது. ஆறாம் நாள் தொட்டதும் உதிர்ந்தது. கோழிகளின் கண் இரண்டு வாரத்தில் தெளிந்தது. உள்ளங்காலில் பொருக்கு வந்திருந்த ஏழெட்டுக் கோழிகளுக்கு அது ஆற அதற்கும் மேல் ஆனது.

நடந்ததைத் திரும்பிப் பார்த்தால், வரிசைதான் முக்கியம். காற்றைத் திறக்காமல் கிளறியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஒழுகலை நிறுத்தாமல் உமி போட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி அதே ஆறு சாக்கு.

சுண்ணாம்புக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும் பொருட்களும் உண்டு. அலுமினியம் சல்பேட்டும் சோடியம் பைசல்பேட்டும் கூளத்தை அமிலப் பக்கம் தள்ளி அமோனியாவை அடக்கி வைப்பவை. பத்து சதுர அடிக்குக் கால் முதல் அரைக் கிலோ வரை, குஞ்சு இறக்குவதற்கு முன் தூவுவார்கள். மூன்று நான்கு வாரம் தாங்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். நூறு கோழிக் கொட்டகையில் இவை தேவைப்படுகிறதென்றால், எங்கேயோ ஒரு நிப்பிள் ஒழுகுகிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

காய்ந்து போனால்

எதிர்த்திசையிலும் தவறலாம். கோடையில் காற்று வேகமாக வீசும்போது கூளம் 20 சதவீதத்துக்குக் கீழே போய், நடந்தாலே தூசி எழும். கோழிகள் தும்மும். குஞ்சுகள் என்றால் உடம்பில் நீர் வற்றும். மருந்து தெளிக்கும் தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, பனி படிந்த மாதிரி மெல்லியதாக மேல்பரப்பில் மட்டும் தெளித்து உடனே கிளறிவிடுங்கள். வாளியால் தெளித்தால் அங்கங்கே கட்டி விழும்.

அள்ளும் நாள்

முட்டைக்கோழிகள் போன பிறகு கூளத்தை மொத்தமாக அள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் நோய் வந்திருந்தால் யோசிக்காமல் அள்ளுங்கள். நோயே இல்லையென்றால் கட்டிகளையும் ஈரப் பகுதியையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டகைக்குள்ளேயே நீளக் குவியலாகக் கூட்டி வைக்கலாம். சரியான ஈரத்தில் இருந்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும், 55 டிகிரியைத் தாண்டும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை புரட்டி மறுபடி குவித்து, பிறகு பரப்பி, அமோனியா போகச் சில நாள் காற்றாட விட்டு, மேலே இரண்டங்குலம் புதிய உமி போட்டால் வளர்ந்த கோழிகளை இறக்கலாம். குஞ்சுகளை மட்டும் நான் பழைய கூளத்தில் விடுவதில்லை. குஞ்சுகளுக்காக மூட்டும் வெப்பத்தில் அடியில் உறங்கும் அமோனியா எழும். அவற்றின் மூக்கு தரையிலிருந்து மூன்று அங்குல உயரத்தில்தான் இருக்கிறது.